65000 ஏன்? கமிட் செய்தியில் காரணம் எழுதும் முறை

மென்பொருள் நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் என்னும் கருவி தனிப் பதிவாகச் சேமித்து வைக்கிறது. அந்தப் பதிவுக்குக் கமிட் என்று பெயர். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் வளர்ச்சிப் பணிக்காகவே 2005இல் கிட்டை எழுதினார். இன்று சிறிய நிறுவனங்கள் முதல் பெரிய நிறுவனங்கள் வரை பெரும்பாலான மென்பொருள் குழுக்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. யார் மாற்றினார், எப்போது மாற்றினார், எந்த வரியை மாற்றினார் என்ற மூன்றும் கமிட்டில் தாமாகவே பதிவாகிவிடும். ஏன் மாற்றினார் என்பது மட்டும் பதிவாகாது. மாற்றியவரே அதைக் கமிட் செய்தியில் எழுதினால்தான் உண்டு.

ஒருவர் தன் மாற்றத்தைக் குழுவின் பொது நிரலோடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்பது புல் ரிக்வெஸ்ட். கிட்ஹப் போன்ற தளங்களில் இதற்கெனத் தனிப் பக்கம் திறக்கும். மேலே விளக்கம் இருக்கும். கீழே சக ஊழியர்கள் மாற்றத்தைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே மாற்றம் பொது நிரலில் சேரும்.

கமிட் செய்தியை எழுதும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய வாசகர் ஒருவர் உண்டு. ஓராண்டோ ஐந்தாண்டோ கழித்து அந்த வரியைப் பார்த்து, "இது இங்கே எதற்கு? எடுத்துவிடலாமா?" என்று கேட்பவர்தான் அவர். அவர் தயங்காமல் ஒரு முடிவுக்கு வரத் தேவையானது செய்தியில் இருந்தால் அது நல்ல செய்தி. இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்பது எளிது.

ஒரே ஒரு வரி

பேருந்து டிக்கெட் முன்பதிவு செய்யும் ஓர் இணையதளம் நோட் ஜேஎஸ் சர்வரில் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். பயணிகளின் கோரிக்கைகள் நேராக அந்தச் சர்வருக்கு வருவதில்லை. முன்னால் இருக்கும் அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சர் அவற்றை வாங்கிச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் ஒழுங்காகப் போகும்போது, எப்போதாவது ஒன்றிரண்டுக்கு மட்டும் 502 என்ற பிழை வருகிறது. சர்வரின் லாகைத் திறந்து பார்த்தால் அந்தக் கோரிக்கைகள் வந்த சுவடே இல்லை. கூட்டம் அதிகமாக இருக்கும் மாலை நேரத்தைவிட, ஆளரவம் குறைந்த பின்னிரவில்தான் அந்தப் பிழை கூடுதலாகத் தென்படுகிறது.

பல நாள் தேடலுக்குப் பிறகு ஒரு பொறியாளர் காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு வரியைச் சேர்க்கிறார்.

```
server.keepAliveTimeout = 65000;
```

வரி இவ்வளவுதான். இதற்கு அவர் `fix 502` என்று ஒரு செய்தி எழுதி அனுப்பிவிட்டால் அன்றைக்கு யாரும் குறை சொல்லப்போவதில்லை. பிழை நின்றுவிட்டது, குழுவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

ஓராண்டு கழித்து, சர்வரில் தேவையில்லாமல் இணைப்புகள் திறந்து கிடப்பதைக் குறைக்கும் வேலை இன்னொருவரிடம் வருகிறது. 65000 என்ற எண் அவர் கண்ணில் படுகிறது. நோட் ஜேஎஸ்ஸின் பல பதிப்புகளில் இந்த அளவு இயல்பாக 5000 மில்லி நொடி, அதாவது 5 நொடி. பதின்மூன்று மடங்கு கூட்டி வைத்ததற்கு நிரலில் எந்தக் காரணமும் தெரியவில்லை. கமிட் செய்தியில் `fix 502` என்று இருக்கிறது. எந்த 502, எதனால் வந்தது, இன்னும் அந்த ஆபத்து இருக்கிறதா என்பதற்கு அதில் விடை இல்லை. அவர் வரியை நீக்குகிறார். டெஸ்ட்கள் எல்லாம் தேறிவிடுகின்றன. ஏனென்றால் டெஸ்ட் நடக்கும் இடத்தில் லோட் பேலன்சரே கிடையாது. சில நாள் கழித்து அங்கொன்றும் இங்கொன்றுமாக 502 தலைகாட்டும்போது, அதையும் நீக்கிய வரியையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது. முன்னவர் பல நாள் தேடியதை இவர்கள் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

காரணம் சொல்லும் செய்தி

அதே வரிக்கு அந்தப் பொறியாளர் எழுதியிருக்கக்கூடிய செய்தி கீழே. அலுவலகங்களில் இதை ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம். எந்த மொழியில் எழுதினாலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

```
keep-alive நேரத்தை 65 நொடியாக உயர்த்து

முன்பதிவுப் பக்கத்தில் அவ்வப்போது 502 வருகிறது. அந்தக்
கோரிக்கைகள் சர்வர் லாகில் இல்லை; பேலன்சர் லாகில் மட்டும் உள்ளன.

வேலையில்லாத இணைப்பைச் சர்வர் 5 நொடியில் மூடுகிறது. பேலன்சர்
அதை 60 நொடி வரை வைத்திருந்து மீண்டும் பயன்படுத்துகிறது. சர்வர்
மூடும் அதே கணத்தில் பேலன்சர் கோரிக்கை அனுப்பினால் 502 வரும்.

சர்வர் 65 நொடி காத்திருந்தால் பேலன்சரே முதலில் மூடிவிடும்.

பிழை வந்ததும் மறுபடி அனுப்பும் வழி ஆகாது; கட்டணம் இருமுறை
பிடிக்கப்படலாம். பேலன்சர் நேரத்தை 4 நொடியாகக் குறைத்தால்
நேரமெடுக்கும் அறிக்கைகளுக்கு 504 வரும்.

பேலன்சரின் 60 நொடியை உயர்த்துவோர் இதையும் உயர்த்த வேண்டும்.
```

முதல் வரி தலைப்பு. என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாக, ஏவல் வினையில் சொல்கிறது. கிட் திட்டமும் லினக்ஸ் கெர்னல் திட்டமும் இப்படி எழுதும்படியே கேட்கின்றன. தலைப்பை 50 எழுத்துகளுக்குள் முடிக்கப் பார்ப்பது பொதுவான வழக்கம். அதன் கீழே ஒரு வெற்று வரி கட்டாயம் வேண்டும். கிட் முதல் பத்தி முழுவதையும் தலைப்பாக எடுத்துக்கொள்ளும் என்பதால், வெற்று வரி விடாவிட்டால் விளக்கமும் தலைப்போடு ஒட்டிக்கொண்டு பட்டியலில் நீண்டு கிடக்கும். மற்ற வரிகளை 72 எழுத்துகளுக்குள் மடக்குவதற்கும் காரணம் உண்டு. `git log` கட்டளை செய்தியை இடப்பக்கம் நான்கு இடம் தள்ளிக் காட்டுகிறது. வலப்பக்கமும் அதே அளவு விட்டால் 80 எழுத்து அகலமுள்ள திரையில் மிஞ்சுவது 72.

இரண்டாவது பத்தி பிரச்சினையைச் சொல்கிறது, அதாவது வெளியே தெரிந்த அறிகுறியை. நாளை இதே அறிகுறி மறுபடி வந்தால், தேடுபவர் இந்தக் கமிட்டைக் கண்டுபிடிக்க இந்தச் சொற்கள்தான் உதவும். `git log --grep=502` என்று தேடினாலே போதும்.

மூன்றாவது பத்தியில் இருப்பது காரணம். எளிதில் விட்டுப்போவதும் இதுதான். "502 வந்தது, 65 ஆக்கினேன், நின்றுவிட்டது" என்று எழுதினால் அது நடந்ததைச் சொல்வதாகுமே தவிர காரணம் ஆகாது. இணைப்பை யார் எத்தனை நொடியில் மூடுகிறார் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் 65 எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடுகிறது. 60ஐவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், அதற்குமேல் ஐந்து நொடி இடைவெளி. பின்னிரவில் பிழை கூடியதன் காரணமும் இதில் விளங்கும். கூட்டம் இருக்கும்போது எந்த இணைப்பும் 5 நொடி சும்மா இருப்பதில்லை.

அடுத்து, பரிசீலித்து ஒதுக்கிய வழிகள். பின்னால் வருபவருக்கு இது பெரிய உதவி. பிழை வந்தால் தானாக மறுபடி அனுப்பும்படி செய்துவிடலாமே என்று அவருக்கும் தோன்றும். பணம் செலுத்தும் கோரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பக் கூடாது என்பதை ஏற்கெனவே ஒருவர் யோசித்திருக்கிறார் என்று தெரிந்தால் அந்தப் பாதையில் அவர் நேரத்தைச் செலவிட மாட்டார்.

கடைசி வரி இந்த மாற்றம் எதை நம்பி நிற்கிறது என்பதைச் சொல்கிறது. பேலன்சரின் அமைப்பு இந்த நிரலுக்குள் இல்லை. வேறொரு குழு அதைக் கையாளலாம். அங்கே 60 என்பது 120 ஆனால் இங்கே பிழை திரும்பும். மாறாக, நாளை லோட் பேலன்சரையே எடுத்துவிட்டால் இந்த வரி தேவையில்லை. இதைப் படித்துவிட்டு வரியை நீக்குபவர் தெரிந்தே நீக்குகிறார்.

இந்தக் கடைசி எச்சரிக்கையை நிரலிலேயே, அந்த வரிக்கு மேல் குறிப்பாக எழுதுவதும் நல்லது. தொடப்போகிறவர் உடனே பார்க்க வேண்டிய ஒற்றை வரி எச்சரிக்கைக்கு அதுவே இடம். அறிகுறி, ஆதாரம், ஒதுக்கிய வழிகள் என்ற முழுக் கதைக்கும் கமிட் செய்திதான் இடம். நிரலில் அவ்வளவும் எழுதினால் நிரலைப் படிக்க முடியாது.

பின்னால் வருபவர் எப்படித் தேடுவார்?

ஒரு வரி ஏன் இருக்கிறது என்று தெரிய வேண்டியவர் முதலில் `git blame server.js` என்று கேட்பார். ஒவ்வொரு வரியையும் கடைசியாக எந்தக் கமிட் தொட்டது என்பதை அது காட்டும். அந்தக் கமிட்டின் அடையாள எண்ணை `git show` கட்டளையிடம் கொடுத்தால் செய்தியும் மாற்றமும் ஒன்றாக வரும்.

சில நேரம் இடையில் ஒருவர் கோப்பு முழுவதையும் இடைவெளி திருத்தி அடுக்கியிருப்பார். அப்போது எல்லா வரிக்கும் அவர் பெயரே நிற்கும். அதைத் தாண்டிச் செல்ல இன்னொரு வழி இருக்கிறது.

```
git log -S keepAliveTimeout -- server.js
```

அந்தச் சொல் கோப்பில் நுழைந்த, அல்லது கோப்பிலிருந்து போன கமிட்களை மட்டும் இது எடுத்துத் தரும். இந்தத் தேடல்கள் எல்லாம் கடைசியில் கொண்டுபோய் விடுவது கமிட் செய்தியில்தான். அங்கே `update` என்ற ஒற்றைச் சொல் இருந்தால் தேடல் அத்தோடு நின்றுவிடும்.

வெறும் டிக்கெட் எண்ணை மட்டும் எழுதுவதிலும் இதே சிக்கல் வரும். பிழைகளைப் பதிவு செய்யும் கருவியை நிறுவனம் மாற்றிவிட்டாலோ, புதியவருக்கு அதில் அனுமதி இல்லாவிட்டாலோ அந்த எண் எங்கும் அழைத்துச் செல்லாது. எண் இருக்கட்டும், அதோடு காரணமும் இருக்க வேண்டும்.

புல் ரிக்வெஸ்ட் விளக்கம்

கமிட் செய்தியின் வாசகர் நாளை வருபவர். புல் ரிக்வெஸ்டின் வாசகர் இன்று இருக்கும் சக ஊழியர். அவருக்குக் காரணமும் வேண்டும், அதோடு கூடுதலாகச் சிலவும் வேண்டும். அவற்றில் முதலாவது, சொல்லப்படும் காரணம் உண்மை என்பதற்கான சான்று.

மேலே சொன்ன மாற்றத்தில் அதை இப்படிக் காட்டலாம். சோதனைச் சூழலில் ஒரு லோட் பேலன்சரை வைத்து, கோரிக்கைகளைச் சரியாக 5 நொடி இடைவெளியில் மறுபடி மறுபடி அனுப்ப வேண்டும். பழைய அமைப்பில் 502 வருகிறது, புதிய அமைப்பில் அதே நேரம் ஓட்டியும் வரவில்லை என்றால் விளக்கம் நிற்கும். அனுப்பிய முறையையும் வந்த எண்ணிக்கையையும் விளக்கத்தில் எழுதினால், படிப்பவர் வேண்டுமானால் தானே செய்து பார்க்கலாம். அப்படி நிரூபிக்க முடியாமல் ஊகத்தில் செய்த மாற்றமாக இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "இதுதான் காரணம்" என்பதற்கும் "இதுவாக இருக்கலாம்" என்பதற்கும் உள்ள வேறுபாடு பின்னால் வருபவருக்கு மிக முக்கியம். தவறான காரணத்தை உறுதியாக எழுதிவைத்தால் அவர் அதை நம்பி உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவார்.

அடுத்தது, எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. "இதே பேலன்சருக்குப் பின்னால் கட்டணச் சேவையும் ஓடுகிறது. அங்கும் 5 நொடிதான் இருக்கிறதா என்பதை அந்தக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று எழுதினால் ரிவ்யூ செய்பவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, வெளியிட்ட பிறகு நடக்க வேண்டியவை. `HTTPCode_ELB_502_Count` என்ற அளவீட்டை அடுத்த சில நாள் கவனிக்க வேண்டும். திறந்திருக்கும் இணைப்புகள் கூடும் என்பதால் சர்வரின் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். சிக்கல் வந்தால் இந்தக் கமிட்டை மட்டும் திரும்பப் பெற்றால் போதும், தரவு எதையும் மாற்ற வேண்டியதில்லை. இரவில் பணியில் இருப்பவருக்கு இந்தச் சில வரிகள் பெரிய துணை.

நிரந்தரமாக நிற்க வேண்டியதையும் அன்றைக்கு மட்டும் தேவையானதையும் பிரிப்பதற்கு லினக்ஸ் கெர்னல் திட்டத்தில் தெளிவான முறை இருக்கிறது. அங்கே மாற்றங்கள் மின்னஞ்சலில் அனுப்பப்படுகின்றன. மின்னஞ்சலில் `---` என்ற கோட்டுக்கு மேலே எழுதுவது கமிட் செய்தியாகி வரலாற்றில் சேரும். கோட்டுக்குக் கீழே எழுதும் குறிப்புகள், உதாரணமாக "போன முறை அனுப்பியதிலிருந்து இவற்றை மாற்றினேன்" போன்றவை, படிப்பவருக்கு மட்டும். மாற்றம் சேர்க்கப்படும்போது அவை உதிர்ந்துவிடும். கிட்ஹப்பில் அப்படி ஒரு கோடு இல்லை என்பதால் எழுதுபவரே மனதில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

காரணம் எங்கே தொலைகிறது?

புல் ரிக்வெஸ்ட் விளக்கம் கிட்டுக்குள் இருப்பதில்லை. அது தளத்தின் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. நிரலைத் தன் கணினிக்கு இறக்கிக்கொண்டவரிடம் அந்தப் பக்கம் வராது. நிறுவனம் வேறு தளத்துக்கு மாறினால் அது காணாமலும் போகலாம். ஆகவே விளக்கத்தில் எவ்வளவு அருமையாக எழுதியிருந்தாலும் காரணத்தின் சாரம் கமிட்டிலும் இருக்க வேண்டும்.

ஸ்குவாஷ் என்ற முறையைப் பயன்படுத்தும் குழுக்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். புல் ரிக்வெஸ்டில் உள்ள பல கமிட்களையும் ஒன்றாக்கிச் சேர்ப்பதே ஸ்குவாஷ். அப்படிச் சேர்க்கும்போது `wip`, `typo`, `review comments` என்ற துண்டுச் செய்திகளின் பட்டியலே இறுதிச் செய்தியாக அமைந்துவிடுவது உண்டு. கிட்ஹப் ரெப்போவின் அமைப்பில், புல் ரிக்வெஸ்டின் தலைப்பும் விளக்கமும் இயல்பாகவே கமிட் செய்தியாகும்படி தேர்வு செய்யலாம். அப்படிச் செய்யாத குழுவில், மெர்ஜ் பொத்தானை அழுத்துபவர் பெட்டியில் இருக்கும் செய்தியைத் திருத்திவிட்டு அழுத்த வேண்டும்.

இன்னொரு சிறிய பொறியும் உண்டு. எடிட்டரைத் திறந்து செய்தி எழுதும்போது `#` குறியில் தொடங்கும் வரிகளைக் குறிப்பு என்று கருதி கிட் நீக்கிவிடும். "#412இல் சொன்ன பிழையே இதற்குக் காரணம்" என்று ஒரு வரியைத் தொடங்கினால் அந்த வரியே காணாமல் போகும். எண்ணை வரியின் நடுவில் வைத்தால் பிரச்சினை இல்லை.

எழுதியதில் தவறு தெரிந்தால், கமிட் தன் கணினியில் இருக்கும்வரை `git commit --amend` கொண்டு செய்தியைத் திருத்தலாம். பொது நிரலில் சேர்ந்த பிறகு திருத்தினால் அந்தக் கமிட்டின் அடையாள எண்ணும், அதற்குப் பின் வந்த எல்லா எண்களும் மாறிவிடும். அதனால் குழுக்கள் அதை அனுமதிப்பதில்லை. ரிவ்யூ நடக்கும்போதே நிரலோடு சேர்த்துச் செய்தியையும் படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சில நேரம் காரணத்தை எழுத உட்கார்ந்தால் எழுத வராது. பெரும்பாலும் கமிட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் கலந்திருப்பதே அதற்குக் காரணம். 502க்கான வரியோடு, பட்டனின் நிறமும் மூன்று மாறிகளின் பெயரும் மாறியிருந்தால் எதற்குக் காரணம் எழுதுவது? `git add -p` கட்டளை மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, எது இந்தக் கமிட்டில் சேர வேண்டும் என்று கேட்கும். பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாக அமையும். பின்னால் ஒன்றை மட்டும் திரும்பப் பெறவும் முடியும்.

எல்லா மாற்றத்துக்கும் ஐந்து பத்தி தேவையில்லை. உதவிப் பக்கத்தில் எழுத்துப்பிழை திருத்தியதற்குத் தலைப்பு வரி ஒன்றே போதும். அதை நீக்கலாமா என்று யாரும் யோசிக்கப் போவதில்லை. செய்தியின் நீளத்தை மாற்றத்தின் அளவைக் கொண்டு தீர்மானிக்கவும் கூடாது. நூறு கோப்புகளில் பெயர் மாற்றியதற்கு இரண்டு வரி போதும். 65000 என்ற ஒரே எண்ணுக்குப் பல வரிகள் வேண்டும். நிரலைப் படித்தே ஊகிக்க முடியாதது எவ்வளவோ, அவ்வளவு எழுத வேண்டும். அனுப்பும் முன், "இந்த வரியை எடுத்துவிடலாமா?" என்ற கேள்வியோடு தன் செய்தியை ஒருமுறை படித்துப் பாருங்கள். விடை அதில் இல்லையென்றால் செய்தி இன்னும் முடியவில்லை.